வாடகைக் கார் டெபாசிட்: பிடித்துவைத்த பணம் வேறு, எடுத்த பணம் வேறு

அமெரிக்காவில் காரை வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த மறுநாள், வங்கி ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு "ரெண்டு தடவை காசு எடுத்துட்டாங்க" என்று பதறுபவர்கள் நிறைய. பெரும்பாலும் எடுத்தது ஒரு தடவைதான். இன்னொரு தொகை, கார் எடுத்த அன்று பிடித்துவைத்து இன்னும் விடாத ஹோல்ட்.

கவுண்டரில் கார்டை வாங்கியதும் நிறுவனம் உங்கள் வங்கிக்கு ஒரு கேள்வி அனுப்புகிறது: இந்தக் கார்டில் எங்களுக்காக இவ்வளவு தொகையை ஒதுக்கி வைக்க முடியுமா? வங்கி சம்மதித்து ஓர் ஒப்புதல் எண் தருகிறது. அந்தத் தொகையை அதன்பிறகு நீங்கள் தொட முடியாது. ஆனால் அது நிறுவனத்தின் கைக்கும் போகவில்லை. கார் திரும்பி வந்து ஒப்பந்தத்தை மூடிய பிறகுதான், உண்மையான வாடகையைக் கேட்கும் இரண்டாவது செய்தி வங்கிக்குப் போகும். பணம் நகர்வது அப்போதுதான். ஆப்பில் முதலாவது 'பெண்டிங்' என்று நிற்கும். இரண்டாவதுதான் முடிந்த பரிவர்த்தனையாகப் பதிவாகும்.

முதல் தவறு, டெபிட் கார்டை நீட்டுவது. டாலஸில் படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் 1,500 டாலர் இருக்கிறது. ஐந்து நாள் காருக்கு வரியெல்லாம் சேர்த்து உத்தேச வாடகை 340 டாலர். அதற்கு மேல் 300 டாலர் டெபாசிட். ஆக 640 டாலர் ஹோல்ட். கையில் புழங்க 860 மிச்சம். மாதக் கடைசியில் காரைத் திருப்பிக் கொடுக்கிறார். பெட்ரோல் கொஞ்சம் குறைவாக இருந்ததால் இறுதி பில் 352 டாலர். அந்த 352 கணக்கைத் தொடும்போது பழைய 640 இன்னும் விடுபடவில்லை என்றால், புழங்கக்கூடியது வெறும் 508. மறுநாள் ஒன்றாம் தேதி, வீட்டு வாடகை 900 டாலர் தானாகப் போக வேண்டும். போகாது, அல்லது வங்கி போகவிட்டு ஓவர்டிராஃப்ட் கட்டணம் போடும். மொத்தச் செலவு 352தான் என்றாலும் சில நாட்களுக்கு 992 டாலர் முடங்கிக் கிடக்கிறது.

இதே ஹோல்ட் கிரெடிட் கார்டில் விழுந்திருந்தால் குறைவது கடன் வரம்பு மட்டுமே. வீட்டு வாடகைக்கான பணத்தை அது தொடாது. ஹோல்டுக்கு வட்டி கிடையாது, மாத ஸ்டேட்மெண்டிலும் கட்ட வேண்டிய தொகையாக வராது. வரம்பே ஆயிரம் டாலர் என்றால் கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான். வாடகையை ஆன்லைனில் முன்கூட்டியே கட்டிவிட்டோம், இனி ஹோல்ட் இருக்காது என்று நம்புவதும் சரியல்ல. டெபாசிட் தனி, கவுண்டரில் அதற்கு ஒரு கார்டு கேட்பார்கள்.

அடுத்தது, எப்போது விடுவார்கள் என்ற கணக்கில் வரும் தவறு. கார் நிறுத்துமிடத்தில் விட்ட நிமிடத்திலிருந்து நாட்களை எண்ணுகிறோம். நிறுவனத்துக்கு அது கணக்கே இல்லை. ஊழியர் காரைப் பார்த்து, ஓடிய மைல்களும் பெட்ரோலும் குறித்து, ஒப்பந்தத்தை மூடினால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், மறுபடி திறக்கும் காலை வரை உங்கள் பெயரில் கார் வெளியே இருப்பதாகத்தான் அர்த்தம். சனிக்கிழமை மாலை என்றால் அது திங்கள்கூட ஆகலாம்.

மூடிய பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். இறுதித் தொகையை அதே ஒப்புதல் எண்ணோடு அனுப்பினால், வங்கி இரண்டையும் பொருத்திப் பார்த்து ஹோல்டைக் கரைத்துவிடும். எண் பொருந்தாமல் போனாலோ, மிச்சத் தொகையை விடும்படி நிறுவனம் தனியாகச் செய்தி அனுப்பாமல் விட்டாலோ, வங்கிக்கு அவை இரண்டு தனித்தனிச் சமாச்சாரங்கள். அப்போது ஹோல்ட் தானாகக் காலாவதியாகும் வரை நிற்கும். கிரெடிட் கார்டில் பொதுவாகச் சில நாட்கள், ஒரு வாரம். டெபிட் கார்டில் இரண்டு வாரம் வரை இழுப்பதுண்டு. வாடகைக் கார் ஒப்புதல்கள் ஒரு மாத அளவுக்கு உயிரோடு இருக்க கார்டு நிறுவனங்களின் விதிகள் இடம் கொடுக்கின்றன என்பதால், வங்கி அதுவரை வைத்திருந்தாலும் விதிமீறல் என்று சொல்ல முடியாது.

இந்த இழுபறியை நாமே வரவழைக்கும் வழி ஒன்று இருக்கிறது: எடுக்கும்போது ஒரு கார்டு, கொடுக்கும்போது "இதில் போட்டுக்கோங்க" என்று வேறொரு கார்டு. இறுதித் தொகை இரண்டாவது கார்டில் போகும். முதல் கார்டின் ஹோல்டைக் கரைக்க எந்தத் தொகையும் அங்கே வரப்போவதில்லை. கார்டை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய கார்டின் ஹோல்டை விடுவிக்கும் செய்தியை அப்போதே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

தாமதமானால் யாரிடம் போவது? பலரும் நேரே வங்கியிடம் தகராறு மனு போடப் பார்க்கிறார்கள். பெண்டிங்கில் இருக்கும் ஹோல்டுக்கு வழக்கமாக அது எடுபடாது. பதிவான தொகைக்குத்தான் மனு. முதலில் கார் நிறுவனத்திடம் ஒப்பந்தம் மூடப்பட்டதா, விடுவிக்கும் செய்தி போனதா என்று கேட்டு, இறுதி ரசீதையும் ஒப்புதல் எண்ணையும் வாங்குங்கள். பிறகு அவற்றோடு வங்கியை அழையுங்கள். வெறுங்கையோடு அழைத்தால் "வியாபாரி விட வேண்டும்" என்பார்கள். அங்கே கேட்டால் "நாங்கள் விட்டுவிட்டோம், வங்கிதான்" என்பார்கள். நிறுவன ஊழியரையும் வங்கி ஊழியரையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிடுவதுதான் இந்தப் பந்தாட்டத்தை நிறுத்த நான் கண்ட நல்ல வழி.

இந்தியாவிலிருந்து கார்டு கொண்டுவருபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கியிருந்தால் மட்டும் போதாது. அங்கே வைத்திருக்கும் உச்சவரம்பு, வாடகையும் டெபாசிட்டும் சேர்ந்த தொகைக்கு மேல் இருக்க வேண்டும். 340 டாலரை மனதில் வைத்து வரம்பு போட்டால் 640 டாலர் ஹோல்ட் கவுண்டரிலேயே மறுக்கப்படும்.

ஹோல்ட் மறைந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் கடைசித் தவறு, அதிகம் பேர் செய்வதும் இதுவே. சில வங்கிகள் நிறுவனம் சொல்வதற்கு முன்பே, தங்கள் சொந்த விதிப்படி சில நாட்களில் ஹோல்டை எடுத்துவிடும். நீண்ட பயணத்தில் கார் இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே 640 டாலர் திரும்பிவிட்டதுபோலத் தெரியும். அதைச் செலவழித்தால், இறுதி பில் வரும் நாளில் கணக்கில் இருக்காது. ஹோல்ட் போனாலும் வாடகையை வசூலிக்கும் உரிமை போகவில்லை.

சுங்கமும் அப்படித்தான். டாலஸ் வட்டாரச் சுங்கச் சாலைகளில் காசு வாங்கும் சாவடிகள் கிடையாது. நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக் கார் நிறுவனத்துக்கு பில் போகும். அந்தச் சுங்கமும் அதற்கான சேவைக் கட்டணமும், டெபாசிட் விடுபட்டுச் சில வாரம் கழித்து, ஒப்பந்தத்தில் இருக்கும் அதே கார்டில் புதிய தொகையாக வரலாம். சில நேரம் கார் நிறுவனத்தின் பெயரே இருக்காது, சுங்கம் வசூலிக்கும் வேறொரு நிறுவனத்தின் பெயரில் வரும். மோசடி என்று கார்டை முடக்குவதற்கு முன், பயணத் தேதிகளை ஒப்பந்தத்தோடு ஒத்துப் பாருங்கள்.