மானியத்துல வாங்கின டிராக்டர்: மானியத்தை கணக்குல எப்படி வருஷா வருஷம் பிரிச்சு எழுதுறது?

நான் கணக்கு பாக்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோட புக்ஸ் என்கிட்ட வந்துச்சு. உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விட அரசு மானியத்துல டிராக்டர் வாங்கியிருந்தாங்க, முன்னாடி கணக்கு எழுதினவர் மானியம் மொத்தத்தையும் அந்த வருஷ வருமானத்துலயே போட்டுட்டார். வாடகைக்கு ஓட்டினது ஆறு மாசம்தான், ஆனா லாபம் மூணு லட்சத்துக்கு மேல காட்டுது. அடுத்த வருஷம் டிராக்டர் முழு வருஷமும் நல்லா ஓடியிருக்கு, கணக்குல நஷ்டம். பொதுக்குழுவுல ஒரு பெரியவர் எழுந்து "ஏன் தம்பி, போன வருஷம் வந்த லாபம் எங்க போச்சு"ன்னு கேட்டாரு. காசை யாரும் எடுக்கல, எழுதின விதம்தான் தப்பு, ஆனா அதை அந்தக் கூட்டத்துல புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அதனால அந்த மாதிரி ஒரு டிராக்டரையே வச்சு மொதல்ல இருந்து சொல்றேன், நம்பர் மட்டும் கணக்கு போட ஈஸியா மாத்தியிருக்கேன்.

டிராக்டர் விலை 8,00,000. மானியம் 40 சதவீதம், அதாவது 3,20,000. வாங்கி ஓட்ட ஆரம்பிச்சது 2023 அக்டோபர் 1. விலைங்கறது ஜிஎஸ்டியும் சேர்த்து, ஏன்னா விவசாய வேலைக்கு மெஷினை வாடகைக்கு விடுறதுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால வாங்கும்போது கட்டின வரியை கிரெடிட் எடுக்க முடியாது, அது விலையோட சேர்ந்துடும்.

ஸ்டெப் 1: மானியம் எதுக்காக வந்துச்சுன்னு ஆர்டரை படிங்க

சாங்ஷன் ஆர்டரை கையில வச்சுட்டு படிங்க, பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. நம்ம ஊர்ல சின்ன கம்பெனிகளுக்கு பொருந்துற, அரசு மானியத்துக்கான கணக்கு ஸ்டாண்டர்ட் ஏஎஸ் 12, அதுல மானியத்தோட தன்மையை பொறுத்து எழுதுற இடமே மாறும். "இந்த டிராக்டர் வாங்க இவ்வளவு"ன்னு ஒரு குறிப்பிட்ட சொத்துக்காக வந்திருந்தா இந்தப் பதிவுல சொல்ற முறை. அப்படி இல்லாம, மொத்த முதலீட்டுல இத்தனை சதவீதம்னு, முதலாளி போடுற பங்குக்கு சமமா வந்திருந்தா அது கேபிட்டல் ரிசர்வுக்கு போகும், லாப நஷ்டக் கணக்கு பக்கமே வராது. டீசலுக்கோ டிரைவர் சம்பளத்துக்கோ வந்ததா இருந்தா அந்தச் செலவு எந்த வருஷமோ அந்த வருஷத்து வருமானம். நிலத்துக்கு தேய்மானமே கிடையாதுங்கறதால, வேற எந்த கடமையும் வைக்காம நிலம் வாங்க மட்டும் வந்த மானியமும் கேபிட்டல் ரிசர்வ்தான்.

ஸ்டெப் 2: எப்போ கணக்குல எடுக்கலாம்?

இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. விண்ணப்பம் போட்டாச்சு, ஆபீசர் வந்து பாத்துட்டு போயிட்டாருங்கறதுக்காக எழுதக்கூடாது. ரெண்டு விஷயம் நியாயமான அளவுக்கு உறுதியாகணும்: ஸ்கீம் போட்ட நிபந்தனையை நாம நிறைவேத்துவோம், பணமும் நிச்சயம் வரும். காசு பேங்குல விழுந்துடுச்சுங்கறது மட்டுமே போதாதுன்னும் ஏஎஸ் 12 சொல்லுது. உதாரணத்துக்கு இத்தனை வருஷம் விக்கக்கூடாதுன்னு ஆர்டர்ல இருக்கும்போது நீங்க ஏற்கனவே விக்க ஆள் பாத்துட்டு இருந்தீங்கன்னா, காசு வந்திருந்தாலும் அது உங்க மானியம் ஆகாது, திருப்பிக் கட்ட வேண்டிய கடன் மாதிரிதான் நிக்கும்.

ஸ்டெப் 3: எண்ட்ரி போடுறது

டேலியில மொதல்ல `Deferred Government Grant`னு ஒரு குரூப் உருவாக்குங்க, under-ல `Primary` குடுத்து nature `Liabilities`னு வைங்க. அதுக்குள்ள டிராக்டர் பேர்லயே தனி லெட்ஜர். நாளைக்கு இன்னொரு மெஷின் வந்தா அதுக்கு வேற லெட்ஜர், ரெண்டையும் கலக்க வேண்டாம், ஏன்னா ஒவ்வொண்ணோட ஆயுளும் வேற. வருமானத்துக்கு `Indirect Incomes` கீழ "மானிய வருமானம்"னு ஒண்ணு.

டிராக்டர் வாங்கினதும் முழு விலைக்கும் எழுதணும்:

டிராக்டர் பற்று 8,00,000
பேங்க் (இல்லன்னா கடன்) வரவு 8,00,000

மானியம் உறுதியானதும்:

வரவேண்டிய மானியம் பற்று 3,20,000
டிராக்டர் மானியம் (ஒத்திவச்ச வருமானம்) வரவு 3,20,000

பணம் வந்ததும் பேங்க் பற்று, வரவேண்டிய மானியம் வரவு. மானியம் நம்ம கைக்கு வராம நேரா லோன் கணக்குல வரவு வைக்கப்பட்டா, பேங்குக்கு பதிலா லோன் லெட்ஜரை பற்று வைங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப கவனிங்க, மூணு எண்ட்ரி முடிஞ்சும் லாப நஷ்டக் கணக்குல ஒரு ரூபா கூட போகல. மானியம் பேலன்ஸ் ஷீட்ல பொறுப்பு பக்கத்துல உக்காந்திருக்கு. யாருக்கும் கட்ட வேண்டிய கடனா அது? இல்ல. இன்னும் சம்பாதிச்சு முடிக்காத வருமானம், டிராக்டர் உழைக்க உழைக்கத்தான் அது நம்ம வருமானமா மாறும்.

ஸ்டெப் 4: தேய்மானம் எப்படியோ மானியமும் அப்படி

கம்பெனிச் சட்டம் 2013, ஷெட்யூல் 2 டிராக்டருக்கு 8 வருஷம் ஆயுள் குடுக்குது. கடைசில விக்கும்போது வர்ற மதிப்பை பூஜ்யம்னு வச்சுக்கிட்டா நேர்கோட்டு முறையில வருஷத்துக்கு தேய்மானம் 1,00,000. மானியம் 3,20,000-ஐ அதே 8 வருஷத்துக்கு பிரிச்சா 40,000.

ஆனா மொத வருஷம் நாம ஆறு மாசம்தான் வச்சிருந்தோம். அதனால 2023-24 ல தேய்மானம் 50,000, மானிய வருமானமும் பாதி, 20,000. நான் பாத்த தப்புகள்லயே அதிகம் இதுதான்: தேய்மானத்தை ஆறு மாசத்துக்கு சரியா போடுவாங்க, மானியத்தை மட்டும் முழு 40,000 எடுத்துடுவாங்க. அப்புறம் 2024-25 ல இருந்து 2030-31 வரைக்கும் ஏழு வருஷம் 40,000, கடைசி ஆறு மாசம் 2031-32 ல 20,000. கூட்டிப் பாருங்க, 20,000 + 2,80,000 + 20,000, சரியா 3,20,000.

மார்ச் 31 அன்னிக்கு F7 அழுத்தி ஜர்னல்ல:

டிராக்டர் மானியம் பற்று 20,000
மானிய வருமானம் வரவு 20,000

தேய்மானத்தை குறைஞ்சுட்டே போற மதிப்பு முறையில போடுறீங்கன்னா மானியத்தையும் மொத வருஷம் அதிகம், போகப்போக கம்மின்னு அதே விகிதத்துலதான் எடுக்கணும். தேய்மானம் ஒரு முறை, மானியம் சமமா பிரிக்கிறது ஒரு முறைன்னு வச்சா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது.

சரியா எழுதினீங்களான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன வழி இருக்கு, நான் ஒவ்வொரு மார்ச்சும் செய்யறது. லெட்ஜர்ல மிச்சம் இருக்கிற மானியத்தை டிராக்டரோட மிச்ச மதிப்பால வகுங்க. 2024 மார்ச்ல 3,00,000-ஐ 7,50,000 ஆல வகுத்தா 40 சதவீதம். 2025 மார்ச்ல 2,60,000-ஐ 6,50,000 ஆல வகுத்தாலும் 40. நம்ம உதாரணம் மாதிரி கடைசி மதிப்பு பூஜ்யமா இருந்தா எந்த வருஷமும் இந்த 40 மாறக்கூடாது, மாறினா எங்கேயோ ஒரு எண்ட்ரி தப்பியிருக்கு.

இப்ப அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். மொத வருஷம் வாடகை 2,10,000, டீசல் டிரைவர் எல்லாம் சேர்த்து 1,50,000, தேய்மானம் 50,000னு வைங்க, மிச்சம் 10,000. முழு மானியத்தையும் சேர்த்தா லாபம் 3,30,000, பிரிச்சு எடுத்தா 30,000. ரெண்டாவது வருஷம் வாடகை 3,60,000, செலவு 2,80,000, தேய்மானம் 1,00,000. மானியம் ஏற்கனவே தீந்துபோச்சுன்னா 20,000 நஷ்டம், பிரிச்சு வச்சிருந்தா 20,000 லாபம். அதே டிராக்டர், அதே வாடகை. பிரிச்சு எழுதுற விதத்துலதான் டிராக்டர் உண்மையில என்ன சம்பாதிச்சுதுன்னு உறுப்பினருக்கு தெரியுது.

வேற ஒரு வழியும் இருக்கு

மானியத்தை விலையிலயே கழிச்சுட்டு டிராக்டரை 4,80,000 னு எழுதவும் ஏஎஸ் 12 அனுமதிக்குது. அப்போ முழு வருஷத் தேய்மானம் 60,000. மொத வழியில 1,00,000 செலவு, 40,000 வருமானம், நிகரம் அதே 60,000. லாபம் மாறாது, எண்ட்ரியும் கம்மி. இருந்தாலும் உழவர் கம்பெனிக்கு நான் மொத வழியைத்தான் சொல்வேன், ஏன்னா மானியம் எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு மிச்சம்னு பேலன்ஸ் ஷீட்லயே தெரியும், எழுதப் படிக்க கஷ்டப்படுற உறுப்பினர்கூட கேட்டு தெரிஞ்சுக்கலாம். எந்த வழியை எடுத்தாலும் அதை கணக்குக் குறிப்புல எழுதணும், வருஷத்துக்கு ஒண்ணா மாத்தக்கூடாது.

வருமான வரியில தனி கணக்கு

புக்ஸ்ல எப்படி எழுதினாலும் சரி, வரிக்கு ஒரே வழிதான். 2025-26 வருஷம் வரைக்கும் பொருந்துற 1961 சட்டத்துல பிரிவு 43(1), விளக்கம் 10 படி சொத்தோட விலையில இருந்து மானியத்தை கழிச்சுடணும், அதாவது வரித் தேய்மானம் 4,80,000 மேலதான். அதனால வரிக் கணக்கு போடும்போது புக்ஸ்ல போட்ட தேய்மானத்தை திரும்ப கூட்டுங்க, 40,000 மானிய வருமானத்தை கழிங்க, அப்புறம் வரித் தேய்மானத்தை எடுங்க. அந்த 40,000-ஐ கழிக்க மறந்தா விலையிலயும் குறைச்சு, வருமானத்துலயும் சேர்த்து ஒரே மானியத்துக்கு ரெண்டு தடவை அடி வாங்குவீங்க. நேர்மாறா 8,00,000 மேல தேய்மானம் எடுத்துட்டா நோட்டீஸ் வரும்.

மானியத்தை திருப்பிக் கேட்டா?

நிபந்தனையை மீறி டிராக்டரை வித்துட்டாங்க, 2026 ஏப்ரல்ல மொத்த 3,20,000-ஐயும் திருப்பிக் கட்டச் சொல்லி ஆர்டர் வருதுன்னு வைங்க. அதுவரைக்கும் 20,000, 40,000, 40,000 ன்னு 1,00,000 வருமானத்துக்கு போயாச்சு, லெட்ஜர்ல 2,20,000 மிச்சம். மொதல்ல இந்த மிச்சத்துல இருந்து கழிங்க, பத்தாத 1,00,000 அந்த வருஷத்து லாப நஷ்டக் கணக்குல செலவு. பழைய வருஷங்களை திறந்து திருத்த வேண்டியதில்ல.

டிராக்டர் மானியம் பற்று 2,20,000
திருப்பிக் கட்டின மானியம் (செலவு) பற்று 1,00,000
பேங்க் வரவு 3,20,000