கூட்டக் குறிப்பை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்: சிறு சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் ஏழை நோயாளிகளின் மருந்துச் செலவுக்கு உதவும் சிறு சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செயற்குழுவில் எல்லோரும் தொண்டர்கள்தாம். கூட்டம் முடிந்த இரவே செயலாளர் தீர்மானப் புத்தகத்தைப் படமெடுத்து, நன்கொடையாளர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். "குடியாத்தம் இன்னாருக்குச் சிறுநீரகச் சிகிச்சைக்காக 8,000 ரூபாய்" என்ற வரி ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பிறகு குழுவிலிருந்து நீக்கினாலும், மற்றவர்களின் கைபேசியில் சேமிக்கப்பட்ட படம் அப்படியே இருக்கும். உதவி கேட்டு வந்தவருக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் இது.

எழுதும்போதே இதைத் தடுக்கலாம். "விண்ணப்பம் 14-க்கு 8,000 ரூபாய்" என்று மட்டும் தீர்மானத்தில் எழுதுங்கள். பெயரும் நோய் விவரமும் தனி விண்ணப்பப் பதிவேட்டில் இருக்கட்டும். அதைச் செயலாளரும் பொருளாளரும் மட்டும் பார்க்கட்டும். முழுக் குறிப்பு செயற்குழுவுக்குப் போகட்டும். நன்கொடையாளர்களுக்கு எத்தனை பேருக்கு உதவினோம், மொத்தம் எவ்வளவு என்ற சுருக்கம் போதும்.

அடுத்த தவறு, எல்லாத் தாள்களுக்கும் ஒரே காலக்கெடு வைப்பது. "மூன்று வருடத்துக்கு மேல் எதுவும் வேண்டாம்" என்று அலமாரியைக் காலி செய்பவர்கள், கையொப்பமிட்ட தீர்மானப் புத்தகத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அந்தப் புத்தகத்தை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவரை மாற்றவும், நிர்வாகிகள் தேர்வில் தகராறு வந்தால் காட்டவும் அதுதான் ஆதாரம்.

விண்ணப்பமும் வவுச்சரும் கணக்கோடு சேர்ந்தவை. வருமான வரி விலக்குப் பெற்ற அறநிறுவனங்களுக்காக 2022-இல் வந்த 17ஏஏ விதி, கணக்கு ஆவணங்களை உரிய மதிப்பீட்டு ஆண்டு, அதாவது செலவு நடந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்ததிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. நம் 8,000 ரூபாய் 2023 ஆகஸ்டில் கொடுக்கப்பட்டது என்றால், அதன் மதிப்பீட்டு ஆண்டு 2024-25. அது 2025 மார்ச் 31-இல் முடிகிறது. அப்படியானால் அந்த வவுச்சரை 2035 மார்ச் 31 வரை தொடக்கூடாது. பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணுபவர்கள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் முந்திக் கிழித்துவிடுவார்கள். வரி விசாரணையோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால், அது முடியும்வரை எதையும் அழிக்கக் கூடாது.

மாறாக, கூட்டத்தில் எடுத்த ஒலிப்பதிவும் கைக்குறிப்பும் நீண்டநாள் இருக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் குறிப்பு ஏற்கப்பட்டுத் தலைவர் கையொப்பமிட்டதும் அவற்றை அழித்துவிடலாம். இதையும் ஒரு தீர்மானமாகவே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், எதையோ மறைக்க அழித்தார்கள் என்ற பேச்சு வரும்.

சேமிப்பில் பெரும்பாலும் நடப்பது, செயலாளரின் சொந்த மின்னஞ்சல் கணக்கிலேயே எல்லாம் கிடப்பது. அவர் வேலை மாறிச் சென்னைக்குப் போனால் சங்கத்தின் கோப்புகளும் அவரோடு போய்விடும். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அதன் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கும்படி செய்யுங்கள். பொறுப்பு கைமாறும் நாளில் கடவுச்சொல்லை மாற்றி, பக்க எண்ணிட்ட தீர்மானப் புத்தகத்தையும் பதிவேட்டையும் கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள்.