நனைந்த தோல் செருப்பை மொட்டை மாடியில் வைக்காதீர்கள்

மதுரையில் புரட்டாசி, ஐப்பசி வந்தால் பகலெல்லாம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். அந்த இரண்டு மாதமும் என் கடைக்கு வருகிற தோல் செருப்புகளில் பாதி, மழையில் கெட்டவையே அல்ல. மழைக்குப் பிறகு வீட்டில் செய்த காரியத்தால் கெட்டவை. புதிதாகத் தோல் செருப்பு வாங்குகிற பிள்ளைகள் வருஷா வருஷம் அதே தப்புகளைச் செய்கிறார்கள். செருப்போடு வாய்க்காலில் இறங்காதே, சாக்கடையை மிதிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நனைந்த செருப்பை வெயிலில் காய வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருகிற தப்பு இதுதான். துணியை வெயிலில் போடுகிறோம், வற்றலை வெயிலில் போடுகிறோம், செருப்பை மட்டும் ஏன் போடக்கூடாது என்று கேட்பார்கள்.

கையால் தைத்த செருப்புக்குப் பெரும்பாலும் பட்டை போட்டுப் பதனிட்ட தோலைத்தான் எடுக்கிறோம். ஆவாரம்பட்டை, கடுக்காய், வேலம்பட்டை இவற்றின் துவர்ப்புச் சத்து ஏறியதால்தான் அது அழுகாமல் தோலாக நிற்கிறது. அதற்கு மேல் எண்ணெய் ஏற்றுவார்கள். உள்ளே இருக்கிற நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி நகர்வது அந்த எண்ணெயால்தான். தோல் நனையும்போது நார்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்துகொள்கிறது. நிழலில் மெதுவாகக் காய்ந்தால் நார்கள் தம் இடத்துக்குத் திரும்பும். வெயிலில் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த ஈரம் மேலே வரும்போது தளர்ந்திருக்கிற துவர்ப்புச் சத்தையும் வியர்வை உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்து மேல்தோலில் இறக்கிவிட்டுப் போகும். தோல் கறுத்து, விறைத்து, விரலால் சுண்டினால் அட்டைபோலச் சத்தம் கேட்பது இதனால்தான்.

சூட்டினாலும் கெடுதல் உண்டு. பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது 70 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே நிரந்தரமாகச் சுருங்கத் தொடங்கும். காய்ந்த தோல் இதைவிட அதிகம் தாங்கும். நண்பகலில் மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடிகிறதா? ஈரச் செருப்பைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறார்கள்.

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன ஐப்பசியில் ஒரு ஜோடி கொண்டுவந்தார். பைக்கில் வரும்போது மழையில் முழுக்க நனைந்திருக்கிறது. மறுநாள் காலையில் மாடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் அடித்தோல் அப்பளம்போல வளைந்து கிடந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, உடனே காலில் மாட்டி நடந்திருக்கிறார். இடது செருப்பில் கட்டைவிரல் வார் தையலை ஒட்டி வெடித்துவிட்டது. "எண்ணெய் போட்டும் வெடிச்சிருச்சேண்ணே" என்றார். விறைத்த தோலை எண்ணெய் ஊறுவதற்குள் மடக்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

வெடித்த வாரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நார் அறுந்த பிறகு எந்த எண்ணெயும் அதை ஒட்ட வைக்காது. வளைந்த அடித்தோலை மட்டும் மீட்க முடிந்தது. ஈரத்துணியால் இரண்டு பக்கமும் சமமாகத் துடைத்து, அதே துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தேன். ஓர் இடத்தை மட்டும் நனைத்தால் அந்த விளிம்பில் கறை வளையம் விழும், அதனால்தான் முழுக்கத் துடைப்பது. காலையில் தோல் இளகியிருந்தது. இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே செங்கல் ஏற்றி, நிழலில் காய விட்டேன். பாதி காய்ந்ததும் எண்ணெய். அடித்தோல் நிமிர்ந்துவிட்டது, கறுப்பு மட்டும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் ஊறின இடத்தில் பசை பிடிக்காமல் புது வாரைத் தையலிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

நனைந்தவுடன் செய்ய வேண்டியது அதிகமில்லை. சேற்றை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். செருப்பைச் சுவரோரம் ஒருக்களித்து நிறுத்தினால் அடியிலும் காற்றுப் படும். மின்விசிறி ஓடுகிற அறை போதும். வாருக்கு ஒரு நாள், தடித்த அடித்தோலுக்கு இரண்டு நாள் ஆகும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கிறவரை உள்ளே ஈரம் இருக்கிறது.

லேசாகச் சில்லென்று இருக்கும் அந்தக் கட்டம்தான் எண்ணெய் போடுகிற நேரம். தண்ணீர் வெளியேறுகிற இடத்தில் எண்ணெய் நுழைந்துகொள்ளும். ஒரு ஜோடிக்கு அரை டீஸ்பூன் விளக்கெண்ணெயோ நிறமில்லாத லெதர் கண்டிஷனரோ போதும். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். வாரின் உள்பக்கமும் வெட்டின ஓரங்களும்தான் அதிகம் குடிக்கும், அங்கேதான் எல்லோரும் பூச மறக்கிறார்கள். இரவு முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, வாரைக் கையால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு வேண்டும், அது ஊறும்வரை காலில் போட வேண்டாம். கோடு வாய் திறந்து உள்ளே நார் தெரிந்தால் வாரை மாற்றத்தான் வேண்டும். எண்ணெயால் நிறம் கொஞ்சம் கறுக்கும், வெளிர் நிறச் செருப்பானால் ஓரமாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தேங்காய் எண்ணெயில் குளிப்பாட்டுவது

நம்மூர்ச் சூட்டில் தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நீராகத்தான் இருக்கும். தோலில் நில்லாமல் ஓடும், தூசியைப் பிடிக்கும், வேட்டி ஓரத்தில் கறையாகும். அதிகமானால் வார் தொளதொளத்துக் கால் நழுவும், சோல் ஒட்டின பசை இளகும். வேறு எதுவும் கையில் இல்லாவிட்டால் நாலு சொட்டோடு நிறுத்துங்கள். கடலை எண்ணெய் கூடவே கூடாது, சிக்கு வாடை போகாது.

வெள்ளையாகப் பூத்தால் எல்லாம் பூஞ்சை என்று நினைப்பது

பஞ்சு மாதிரி இருந்து, துடைத்தால் வந்து, மக்கல் வாடை அடித்தால்தான் பூஞ்சை. வாசலுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காற்றாட வையுங்கள். துடைத்த பிறகும் காய்ந்ததும் அதே இடத்தில் கோடாகத் திரும்ப வந்தால் அது வியர்வை உப்பு. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, பிறகு துடையுங்கள். உப்பு மேலே இருக்கும்போது எண்ணெய் பூசினால் உப்பு உள்ளேயே தங்கும்.

சோப்புப் பவுடர்

தோலில் இருக்கிற எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும்.

ஹேர் டிரையர்

அதுவும் வெயில்தான்.

காய்ந்த தோலுக்கு பாலிஷ்

மெழுகு மேலே மின்னும், உள்ளே போகாது. எண்ணெய் ஊறி மறுநாள் ஆன பிறகு போடுங்கள்.

ரெக்சினுக்கு எண்ணெய்

வெட்டின ஓரத்தைப் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். மேலே மெல்லிய படலமும் அடியில் துணியும் தெரிந்தால் ரெக்சின். அது செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டால் நீங்கள் பூசுவதும் வீண், என்னிடம் கொண்டுவருவதும் வீண்.