பித்தளைப் பெயர்ப்பலகைக்கு லாக்கர், கதவுக் கைப்பிடிக்கு எண்ணெய்

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் தாத்தா வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பெயர்ப்பலகையும், கதவில் ஒரு ஜோடிக் கைப்பிடிகளும் உண்டு. எல்லாம் கறுத்து, ஓரங்களில் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. முதல் முறை இரண்டையும் பளபளக்கத் தேய்த்து, இரண்டுக்கும் லாக்கர் என்ற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சை அடித்தேன். பலகை இன்றுவரை நன்றாக இருக்கிறது. கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் ஒரு வருடத்துக்குள் லாக்கர் தேய்ந்துபோனது. அந்த இடைவெளி வழியாக வியர்வையும் ஈரமும் உள்ளே இறங்கி, கறுப்புத் திட்டுகள் லாக்கருக்கு அடியிலேயே பரவின. மேலே எவ்வளவு துடைத்தாலும் அவை போகவில்லை. அதனால் கை படாத பொருளுக்கு லாக்கர், தினமும் கை படும் பொருளுக்கு எண்ணெய் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. அழுத்தித் தேய்த்தால் முலாமே போய்விடும். ஒட்டாவிட்டால், ஏற்கெனவே லாக்கர் அடித்திருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். கறை திட்டுத்திட்டாக இருந்து, விளிம்பு வெங்காயத் தோல் போல உரிந்தால் அடித்திருக்கிறது என்று பொருள். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து அதை முழுதாக எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் எவ்வளவு புளி தேய்த்தாலும் வேலை செய்யாது. ஒரு எச்சரிக்கை: செதுக்கிய எழுத்துகளில் கறுப்பு எனாமல் பெயின்ட் நிரப்பியிருந்தால் அசிட்டோன் அதையும் கரைத்துவிடும். எழுத்துகளை விட்டுவிட்டுத் துடையுங்கள், இல்லையென்றால் மறுபடி பெயின்ட் நிரப்பத் தயாராக இருங்கள்.

இப்போது புளி. எலுமிச்சை அளவு புளியை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். பலகையைக் கழற்றி, கரைசலைப் பூசி ஐந்து நிமிடம் விட்டு, மென்மையான துணியால் தேய்த்துக் கழுவுங்கள். கறை போகவில்லையா? இன்னொரு முறை பூசலாம், ஆனால் ஒரே பூச்சில் அரைமணி ஊறவிடாதீர்கள். அமிலத்தில் நெடுநேரம் இருந்தால் மேற்பரப்பில் உள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு தெரிய ஆரம்பிக்கும். பித்தளை மஞ்சளாக இல்லாமல் ரோஜா நிறமாகத் தெரிந்தால் இதுதான் காரணம். பயப்பட வேண்டாம், பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த மெல்லிய படலம் போய்விடும். உப்பு சேர்த்தால் கறை சீக்கிரம் போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உப்பு எழுத்துகளின் குழிகளில் தங்கினால் சில வாரங்களில் மறுபடி பச்சைக் களிம்பு வரும். நான் சேர்ப்பதில்லை. கழுவிய பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு முறை அலசி, உடனே துடைத்துவிடுகிறேன்.

அப்புறம் பித்தளைப் பாலிஷைத் துணியில் கொஞ்சமாக எடுத்துத் தேய்க்க வேண்டும். அது காய்ந்து வெள்ளையாகத் தெரிந்ததும் வேறு துணியால் துடைத்தெடுங்கள். எழுத்துக் குழிகளில் தங்கும் வெள்ளையைச் சோப்புத் தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் எடுத்துவிடும். ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 800, 1200 எண் உப்புத்தாள்களைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேய்த்த பிறகு பாலிஷ் போடுங்கள். கீறல் இல்லாத பலகையை உப்புத்தாள் கெடுத்துவிடும்.

லாக்கரில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் விரல் ரேகை. கையில் இருக்கும் எண்ணெய் லாக்கருக்கு அடியில் சிக்கினால் சில மாதத்தில் ரேகை அப்படியே பழுப்பாகத் தெரியும். அதனால் பருத்திக் கையுறை போட்டு, பலகையை அசிட்டோனால் ஒரு முறை துடைத்து, அதன் பிறகு கை வைக்காமல் லாக்கர் அடியுங்கள். வாசலில் வெயில் படும் என்பதால் கடையில் அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே என்று கேட்டு வாங்குங்கள். மரத்துக்கு அடிக்கும் சாதாரண என்.சி. லாக்கர் வெயிலில் மஞ்சளாகிவிடும். ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருந்து, மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு இரண்டாவது பூச்சு அடியுங்கள். திறந்த இடத்தில், அடுப்போ நெருப்போ இல்லாமல் செய்ய வேண்டும்.

நேரம் முக்கியம். வேலூர் மே மாத உச்சி வெயிலில் பித்தளை கை வைக்க முடியாதபடி சுடும். லாக்கர் சமமாகப் படிவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் அடித்தால் ஈரக் காற்று பட்டு வெண்மையாக மங்கும். பிப்ரவரியில் பனி விலகிய காலை ஒன்பது, பத்து மணிதான் எனக்கு நன்றாக அமைந்தது.

கைப்பிடிக்கு இவ்வளவு சிரமம் இல்லை. பாலிஷ் போட்டதும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டுத் துடைத்து, பிசுபிசுப்பு தெரியாத அளவுக்கு உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாவட்டத்தில் சிக்குப் பிடித்து, தெருப் புழுதியை ஒட்டவைத்துக்கொள்ளும். நாங்கள் வெயில் காலத்தில் மாதம் ஒரு முறையும், மழைக் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையும் துடைக்கிறோம். பலகையில் லாக்கர் எங்காவது உரிந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடாதீர்கள், ஓரம் தெரியும். முழுவதையும் அசிட்டோனால் எடுத்துவிட்டு, பாலிஷில் இருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.