ஒரே நாளில் ஒன்பது கோயில்: யாத்திரை பேக்கேஜ் எடுக்கும் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் டவுனில் போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நாலைந்து பேர் தமிழ்நாட்டுக் கோயில் யாத்திரைத் துண்டுப்பிரசுரம் ஒன்றை வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். "பதினோரு நாளில் முப்பத்தெட்டு கோயில் அண்ணே, அந்த ஏஜெண்ட் முப்பதுதான் காட்டுறான்" என்றார் ஒருவர். எல்லாரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

ரசீது வாங்குங்கள், பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா பாருங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

கோயிலை எண்ணுவது, மணியை எண்ணாமல் விடுவது

நான் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். முப்பது வருடம் செக்ரோல் எழுதிய கை. அப்படிப்பட்ட நானே இந்தக் கணக்கைப் போடாமல் முன்பணம் கட்டினேன் என்பதுதான் இன்றும் ஆத்திரம்.

அன்று பிரசுரத்தில் "நான்காம் நாள்: நவக்கிரகத் தலங்கள் ஒன்பதும்" என்று ஒரே வரி. கும்பகோணத்தில் காலையில் கிளம்பி, இரவு காரைக்காலில் தங்கல். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! வரைபடத்தில் பார்த்தால் தெரியும்: திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம், ஆலங்குடி தெற்கே, திருநாகேஸ்வரமும் சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் கும்பகோணத்துக்குப் பக்கத்தில், மற்ற நாலும் கிழக்கே கடல் பக்கம். ஒரே வரிசையில் எதுவும் இல்லை.

இப்போது கணக்கு. நாங்கள் முப்பத்து நாலு பேர். பஸ்ஸுக்கு ஒரே வாசல், உயரமான மூன்று படி. முட்டிவலிக்காரர்கள் பின்பக்கமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறங்குவோம். இறங்கப் பத்து நிமிடம், ஏறித் தலை எண்ணப் பத்து நிமிடம். ஒன்பது கோயிலுக்கு இது மட்டுமே மூன்று மணி நேரம். செருப்பு விட்டு, கால் கழுவி, அர்ச்சனை செய்து, ஒரு சுற்று வர நாற்பது நிமிடம் என்று வைத்தால் ஆறு மணி. சாலையில் சுமார் ஆறு மணி. ஆக, சாப்பாடும் கழிப்பறையும் சேர்க்காமலே பதினைந்து மணி. அந்தக் கோயில்கள் காலை ஆறு வாக்கில் திறந்து பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தி, மறுபடி நாலு மணி வாக்கில் திறந்து எட்டு, எட்டரைக்கு மூடுபவை. கையில் இருப்பது பத்து மணி, சொச்சம். பதினைந்தை எப்படிப் பத்தில் அடைப்பது?

அடையவில்லை. ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டியது ஆறு ஐந்துக்குக் கிளம்பியது. திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம் மூன்றும் முடித்து, சூரியனார்கோயில் வாசலில் நின்றபோது பன்னிரண்டு பத்து. நடை சாத்திவிட்டார்கள். கும்பகோணம் அறையைக் காலையிலேயே காலி செய்து பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றியிருந்தோம், படுக்க இடமில்லை. நாலு மணி வரை பஸ்ஸில். வண்டி நின்றால் ஏர்கோனும் நின்றுவிடும்.

அந்த நாலு மணி நேரத்தில்தான் எங்கள் வரிசையில் இருந்த பெரியம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தது. எழுபத்து நாலு வயது, பிரஷர்காரர். விசாரித்தால், வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. டாக்டர் கொடுத்த நீர் மாத்திரையையும் போடவில்லை. அப்புறம் மெதுவாக விசாரித்தேன். பஸ்ஸில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அதையேதான் செய்திருந்தார்கள். எந்த ஏஜெண்டும் இதைக் கேட்பதில்லை, நம் பெண்களும் சொல்வதில்லை. மாலையில் கால் வீங்கி, மெட்டி இறுகிப்போன பிறகுதான் தெரியும்.

நாலு மணிக்குப் பிறகு சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில். திருவெண்காட்டில் மூடப்போகும் நேரம், பத்து நிமிட ஓட்டம். கீழப்பெரும்பள்ளத்தில் பூட்டிய கதவுக்கு ஒரு கும்பிடு. திருநள்ளாறு மறுநாள் காலை. அதனால் அன்றைய ராமேஸ்வரப் பயணம் பின்னுக்குப் போய், நள்ளிரவில் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் திரும்பிக் கேட்டதற்கு அந்த அலுவலகத்தில் சொன்னது: "ஒன்பது இடத்துக்கும் வண்டி போச்சே ஐயா."

இதை எப்படி மாற்றலாம் என்று கேட்பீர்கள். கும்பகோணத்திலேயே தொடர்ந்து அறை, இரண்டு நாள். முதல் நாள் காலை திங்களூரும் ஆலங்குடியும். மதியம் அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, படுத்து எழுந்து, மாலையில் பக்கத்திலிருக்கும் திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். மறுநாள் ஐந்தரைக்குக் கிளம்பி வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். நடை சாத்தும் நேரத்துக்குக் காரைக்காலில் சில அறைகளைப் பகல் வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். மாலை திருநள்ளாறு. ஏஜெண்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் நாங்க எங்க இருப்போம்?" தினமும் ஓர் இடத்தின் பெயர் சொல்பவரிடம் பணம் கட்டலாம். "போற வழியில பாத்துக்கலாம்" என்பவரிடம் வேண்டாம்.

"வீல்சேர் உண்டு"

எங்கே உண்டு? பெரும்பாலும் விமான நிலையத்தில் மட்டும். அதுவும் டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் சொன்னால்தான் நிச்சயம். கோயிலுக்குள் கல்நிலையும் வாசற்படியும் குறுக்கே வரும். தள்ளுவதற்கு ஆள் யார் என்று கேளுங்கள். எங்கள் குழுவுக்கு வந்த கைடு தம்பி ஒருவன்தான். நல்ல பையன், ஆனால் அவனுக்கு இரண்டு கைதானே.

படிகளைப் பற்றிக் கேட்காமல் இருப்பது

சுவாமிமலை அறுபது படி. நின்று நின்று ஏறலாம். திருத்தணியில் மேலேயே வண்டி போகும், முந்நூற்று அறுபத்தைந்து படியை நினைத்துப் பயப்பட வேண்டாம். பழனிதான் சிக்கல். பிரசுரத்தில் "ரோப்கார் வசதி" என்று இருக்கும். காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள், ஆண்டுப் பராமரிப்புக்கும் பல நாள் நிறுத்துவார்கள். அப்போது விஞ்ச் ஒன்றுதான் வழி, அதற்கு வரிசை நீளும். பழனிக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தால், எழுதியவர் மலையை அடிவாரத்திலிருந்து மட்டும் பார்த்தவர்.

ராமேஸ்வரம்

இருபத்திரண்டு தீர்த்தம். தரை முழுக்க ஈரம். கைத்தடியின் ரப்பர் முனை தேய்ந்திருந்தால் நம் ஊரிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

மருந்து

பெட்டியில் போடாதீர்கள். கைப்பையில்.

"நல்ல தரிசனம்" என்று விமர்சனம் சொல்வது

திரும்பி வந்தவர்களிடம் ஏஜெண்ட் எப்படி என்று கேட்டால், "முருகன் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்" என்கிறார்கள். அதற்கு முருகனைப் பாராட்டலாம், ஏஜெண்டுக்கு அதில் பங்கில்லை. இட்லி நன்றாக இருந்தது என்பதும் அப்படித்தான், அந்த ஊரில் இட்லி நன்றாக இல்லாமல் போவதுதான் கஷ்டம். அடுத்து போகிறவருக்கு வேண்டியது வேறு: எத்தனை மணிக்கு அறைக்குப் போய்ச் சேர்ந்தீர்கள், எத்தனை இரவு ஒரே அறையில் தூங்கினீர்கள், கழிப்பறைக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நின்றது, அறையில் பிடித்து எழக் கைப்பிடி இருந்ததா, மேற்கத்தியக் கழிப்பறையா.

நாங்கள் போன ஏஜெண்டைப் பற்றி இந்த முறையில் சொன்னால்: பதினோரு நாளில் எட்டு அறை மாறினோம். ஒன்பது மணிக்கு முன்னால் படுத்தது இரண்டே இரவு. வண்டி சுத்தம், டிரைவர் நிதானம், பணத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. நாற்பது வயதுக்காரர்களுக்கு நல்ல ஏஜெண்ட்.

வெள்ளிக்கிழமை பார்த்த அந்த அண்ணன்மாரிடம் பிரசுரத்தை வாங்கி ஏழாம் நாளைக் காட்டினேன். மதுரை, திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை, பழனி, நாலும் ஒரே நாளில். பென்சிலால் ஓரத்தில் மணியைப் போட்டுக் கொடுத்தேன். ஏஜெண்டிடம் பேசிவிட்டு வருகிறோம் என்று போனார்கள். ஆளுக்கு இருநூறு வெள்ளி கூடக் கேட்கிறாராம், ஒரு நாள் சேர்ப்பதற்கு. யோசிக்கிறார்கள்.