வாளிக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்: யூவியில் விடக்கூடாத தவறுகள்

குறும்படத்தில் ஒரு கிணற்றடிக் காட்சி, அதற்கு ஒரு தகர வாளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 பக்கம் கொண்ட சிலிண்டர், வாய் அகலம், அடி குறுகல், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் மாடல் சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடுகிறது. பெரும்பாலும் பிரஷ் மேல் தப்பு இருக்காது, அதற்கு முன்னால் யூவியில், அதாவது மாடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்து வைப்பதில், விட்டதுதான் அங்கே வந்து நிற்கும்.

முதலில் ஸ்கேல். ஆப்ஜெக்ட் மோடிலேயே S, Z அழுத்தி வாளியை உயரமாக்கிவிட்டு நேராக Unwrap கொடுத்தால், பிளெண்டர் இழுப்பதற்கு முன்பிருந்த குட்டை வடிவத்தைத்தான் விரிக்கும். N பேனலில் Scale மூன்றும் 1 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் Ctrl+A > Scale கொடுத்துவிட்டு மறுபடி விரிக்க வேண்டும், ஏனென்றால் ஸ்கேலை அப்ளை செய்வதால் மட்டும் பழைய யூவி திருந்தாது. Color Grid படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: கட்டங்கள் சதுரமாக இருந்தால் சரி, நீண்டு கிடந்தால் அந்தத் திசையில் பெயிண்டும் மங்கலாக வரும்.

அடுத்தது சீம், அதாவது விரிப்பதற்காக மாடலை வெட்டும் கோடு. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதற்குத்தான். சோம்பல்பட்டு Smart UV Project அடித்தால், வாளி எங்கே வெட்டுப்பட வேண்டும் என்பதைக் கோணங்கள் முடிவு செய்துவிடும், கேமராவுக்கு நேராகவே ஒரு வெட்டு வந்து விழலாம். ஒரு தகரக் கடைக்காரர் வாளியை எப்படி வெட்டி ஒட்டியிருப்பார் என்று யோசித்தால் சீம் தானாக வரும்: பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒன்று, அடித்தட்டைச் சுற்றி ஒன்று, விளிம்பில் வெளிச்சுவரும் உட்சுவரும் பிரியும் இடத்தில் ஒன்று. உட்புறத்துக்கும் இதே மாதிரிதான், கைப்பிடிக்கு அடிப்பக்கமாக நீளவாக்கில் ஒன்று போதும். பக்கவாட்டுச் சீமைக் கேமரா பார்க்காத முதுகுப் பக்கம் தள்ளுங்கள். ஷாட்டில் வாளி சுழலப் போகிறதென்றால் கைப்பிடி மாட்டும் காதுக்குக் கீழே வையுங்கள், அங்கே ஒரு கோடு இருந்தாலும் இயல்பாகவே தெரியும்.

இப்படி விரித்ததும் வெளிச்சுவர் விசிறி மாதிரி வளைந்து வரும். வாய் விட்டம் 30, அடி விட்டம் 20, உயரம் 28 சென்டிமீட்டர் என்றால் அந்த விசிறி சுமார் 63 டிகிரிக்கு விரியும். அதைப் பார்த்துப் பயந்து Follow Active Quads போட்டுச் செவ்வகமாக நிமிர்த்துகிறவர்கள் உண்டு. வாய்ச் சுற்றளவு அடிச் சுற்றளவைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டையும் ஒரே அகலத்தில் அடைத்தால் படத்தில் வரைந்த எழுத்தும் துருப் புள்ளியும் வாளியில் அடிப்பக்கம் நெருங்கிச் சூம்பிப்போகும். வாளியைச் சுற்றி நேரான பட்டை மட்டும் போதும் என்றால் நிமிர்த்தலாம். மற்றபடி விசிறியை அப்படியே விட்டுவிட்டு, மாடல் மேலேயே பெயிண்ட் அடிப்பதுதான் நல்லது.

அப்புறம் அந்தக் கறுப்புக் கோடு. கிட்டத்தில் அழகாக இருக்கும் வாளி, கேமரா எட்டப் போனதும் சீம் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கீறல் காட்டும். எட்டத்தில் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது, துண்டுகளுக்கு வெளியே இருக்கும் கறுப்புப் பின்னணியும் உள்ளே கலந்துவிடுகிறது. 1024 படத்தில் துண்டுகளுக்கு இடையே 8 பிக்சலாவது இடைவெளி இருக்கட்டும்: Pack Islands-இல் Margin Method-ஐ Fraction என்று வைத்து 0.008 கொடுங்கள். துண்டின் ஓரத்தைத் தாண்டியும் பெயிண்டைப் பரவ விட, பெயிண்ட் மோடில் Options-க்குள் Bleed என்று ஒன்று இருக்கும், அதை 4 ஆக்குங்கள். இதைவிட எளிய வழியும் உண்டு, புதுப் படம் உருவாக்கும்போதே நிறத்தைக் கறுப்பாக விடாமல் வாளியின் அடிப்படைச் சாம்பல் நிறமாக வைத்துவிட்டால் கோடு வந்தாலும் கண்ணில் படாது.

சில முகங்களில் பிரஷ் ஒட்டவே ஒட்டாது. அங்கே நார்மல், அதாவது முகம் பார்க்கும் திசை, உள்பக்கம் திரும்பியிருக்கும். Face Orientation-ஐ ஆன் செய்தால் சிவப்பாகத் தெரியும், எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Shift+N கொடுத்தால் சரியாகும்.

கடைசியாக, என் நண்பர் ஒருவர் ஒரு மாலை முழுக்க அடித்த துருவையும் கீறலையும் இழந்த விஷயம். அவர் Ctrl+S அழுத்திக்கொண்டேதான் இருந்தார், ஆனால் அது .blend கோப்பை மட்டும் சேமித்தது, நடுவில் பிளெண்டர் கிராஷ் ஆனதும் படம் போய்விட்டது. இமேஜ் எடிட்டரில் Image என்ற மெனு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி தெரிந்தால் படம் இன்னும் சேமிக்கப்படவில்லை என்று பொருள். முதல் பிரஷ் வைத்ததுமே Save As கொடுத்து PNG-ஆக வைத்துக்கொள்ளுங்கள், அதன்பின் அந்தப் படத்தின் மேல் மவுஸை வைத்து அவ்வப்போது Alt+S அழுத்தினால் போதும்.