பஸ்ஸில் வாந்தி, தலைசுற்றல் வருபவர்களுக்கு: சீட், மாத்திரை, இஞ்சி எல்லாவற்றையும் நேரத்தோடு செய்வது எப்படி

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ் ஒத்துக்கொள்ளாது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒன்பது மணி நேரப் பயணம் ஒன்று, அதில் கடைசி மூன்று மணி நேரம் மலைப்பாதை. டிக்கெட் தாமதமாகப் போட்டதால் கடைசி வரிசைதான் கிடைத்தது. வயிற்றில் எதுவும் இல்லாவிட்டால் வாந்தி வராது என்று நினைத்துக் காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை, போகும் வழியெல்லாம் போனில் படம் பார்த்தாள். மலை ஏறத் தொடங்கி வயிறு புரட்டியபோதுதான் மாத்திரையை எடுத்து விழுங்கினாள், பத்தே நிமிடத்தில் அது தண்ணீரோடு வெளியே வந்துவிட்டது.

மாத்திரை சரியான மாத்திரைதான். போட்ட நேரம்தான் தவறு. அடுத்த முறை அதே பாதையில் அவள் எப்படிப் போனாள் என்பதை வைத்தே இந்த வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். ஏனென்றால் இதில் பெரும்பகுதி பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் காரணம், சுருக்கமாக

நம் உள்காதில் திரவம் நிறைந்த சின்னக் குழாய்கள் இருக்கின்றன. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். பஸ் வளைவில் திரும்பும்போது காது "நகர்கிறோம்" என்கிறது, ஆனால் முன்சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் "அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. இந்த இரண்டு செய்தியும் ஒத்துப்போகாதபோதுதான் கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, குளிர்ந்த வியர்வை, குமட்டல் என்று ஒவ்வொன்றாக வருகின்றன.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடும், உள்ளே இருப்பதைக் குடலுக்குத் தள்ளாது. மாத்திரையின் மருந்து பெரும்பாலும் குடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. அதனால் குமட்டிய பிறகு போட்ட மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும், அல்லது என் தங்கைக்கு ஆனதுபோல வெளியே வந்துவிடும்.

படி 1: டிக்கெட் போடும்போதே சீட்டைச் சரியாக எடுங்கள்

நான் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் பஸ் பயணிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்னால் போகும் சாலையைப் பார்க்க முடியாதவர்களுக்கு, அதை நன்றாகப் பார்க்க முடிந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக உடம்புக்கு முடியாமல் போயிருந்தது. சாலை தெரிந்தால் வளைவு வருவதைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடும், காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகும்.

அதனால் தேட வேண்டியது "முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும் சீட்". நிறையப் பேர் ஜன்னலோர சீட் என்றால் போதும் என்று நினைக்கிறார்கள். ஜன்னலில் காற்று வரும், அது நல்லதுதான். ஆனால் பக்கத்தில் விரைந்து ஓடும் மரங்களையும் கம்பங்களையும் பார்த்துக்கொண்டே வந்தால் தலைசுற்றல் கூடத்தான் செய்யும். இரண்டாவது, மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய சீட்டிலிருந்து பல பஸ்களில் முன்கண்ணாடி நன்றாகத் தெரியும், கிடைத்தால் அதையே எடுங்கள்.

முதல் வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. சில பஸ்களில் டிரைவருக்குப் பின்னால் தடுப்போ திரையோ இருக்கும், அங்கே உட்கார்ந்தால் முதல் வரிசையாக இருந்தும் ஒன்றும் தெரியாது. ஆன்லைனில் சீட் படத்தைப் பார்க்கும்போது ஸ்டீயரிங் குறி எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்க சீட்டை எடுப்பது நல்லது.

பின்சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் இருக்கும் சீட்டுகள் வேண்டவே வேண்டாம். வளைவில் பஸ்ஸின் வால்பகுதி அதிகமாக வீசும், குழியில் விழுந்தால் தூக்கிப் போடும், பல பஸ்களில் இன்ஜின் சூடும் நாற்றமும் அங்கேதான். முன்னால் இடம் இல்லை என்றால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள வரிசையைப் பாருங்கள், குலுக்கல் அங்கே குறைவு. பயண திசைக்கு முதுகு காட்டி உட்காரும் சீட்டும் ஆகாது.

இரவு பஸ்ஸில் சாலை தெரியாது என்பதால் கணக்கு மாறும். அங்கே படுக்கை கிடைத்தால் கீழ்ப்படுக்கை எடுத்து, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வதே சிறந்தது. மேல்படுக்கை வளைவுகளில் கூடுதலாக ஆடும்.

படி 2: மாத்திரையை முந்தைய நாளே முடிவு செய்யுங்கள்

பஸ் வாந்திக்கு வேலை செய்பவை பழைய வகை ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள், அதாவது தூக்கம் வரவழைக்கும் வகை. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், ப்ரோமெத்தசின், சின்னரிசின் இவையெல்லாம் அந்தக் குடும்பம். கடைப்பெயர்கள் நூறு இருக்கும், அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும், தூக்கம் அதிகம் வராத செட்டிரிசின் போன்றவை இதற்கு உதவாது. பலரும் கையில் வைத்திருக்கும் ஆன்டான்செட்ரான் வேறு காரணங்களால் வரும் வாந்திக்கு நல்ல மருந்துதான், ஆனால் பயண வாந்தியைத் தடுப்பதில் அது பெரிதாகப் பயன்படுவதில்லை.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு இப்படி: டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம், கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, தேவையானால் நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி. மெக்லிசின் 25 முதல் 50 மில்லிகிராம், ஒரு மணி நேரம் முன்பு, நாளுக்கு ஒரு முறை போதும்.

என் தங்கையின் இரண்டாவது பயணத்தில் இதை எப்படிப் பொருத்தினோம் என்றால், பஸ் காலை 7 மணிக்கு, மலை தொடங்குவது மதியம் 1 மணிக்கு, போய்ச் சேர்வது மாலை 4. அவளிடம் இருந்தது டைமென்ஹைட்ரினேட். சமவெளியிலும் அவளுக்கு லேசாகக் குமட்டும் என்பதால் 6:15-க்கு ஒன்று. காலையில் போட்டதன் பலம் மலை வருவதற்குள் தீர்ந்துவிடும், அதனால் மதியம் 12 மணிக்கு, மலைக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டாவது. போனில் அலாரம் வைத்திருந்தாள். உங்களுக்கு வளைவுப் பாதையில் மட்டும்தான் தொந்தரவு என்றால் காலை மாத்திரையே வேண்டாம், 12 மணிக்குப் போடுவது ஒன்றே போதும். மெக்லிசினாக இருந்திருந்தால் காலை 6 மணிக்கு ஒரு முறை போட்டு முடித்திருக்கலாம்.

இந்த மாத்திரைகளால் தூக்கமும் வாய் வறட்சியும் வரும். இறங்கியதும் வண்டி ஓட்ட வேண்டியவர்கள் போடக் கூடாது, மதுவோடு சேரவே கூடாது. கண் அழுத்த நோய், ப்ராஸ்டேட் வீக்கம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருப்பவர்களும், கர்ப்பிணிகளும், வேறு தூக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்ட பிறகுதான் போட வேண்டும். குழந்தைகளுக்கு எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவு மட்டும். இரண்டு வயதுக்குக் கீழே ப்ரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. சில குழந்தைகள் இந்த மருந்தில் தூங்குவதற்குப் பதிலாகத் துள்ளத் தொடங்கிவிடும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போடுபவர்கள் வேலையில்லாத ஒரு நாளில் வீட்டிலேயே ஒன்றைப் போட்டு எவ்வளவு தூக்கம் வருகிறதென்று பார்த்துவிடுவது நல்லது.

படி 3: இஞ்சி எவ்வளவு, எப்போது

இஞ்சி சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. ஆய்வுகளிலும் அப்படித்தான் கலவையாக இருக்கிறது. தூக்கம் வராது என்பதே அதன் பெரிய நன்மை, அதனால் லேசான குமட்டல் மட்டும் வருபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்படும் அளவு சுமார் 1 கிராம் சுக்குத்தூள், அதாவது ஏறக்குறைய அரை டீஸ்பூன். கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெந்நீரில் கலந்து குடிக்கலாம். பச்சை இஞ்சி என்றால் தண்ணீர் அதிகம் என்பதால் சுமார் 5 கிராம் வேண்டும், கட்டைவிரல் நுனி அளவுத் துண்டு. இஞ்சி மிட்டாயில் பல நேரம் இஞ்சியைவிடச் சர்க்கரைதான் அதிகம், வாய்க்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் நிறைய இஞ்சி எடுத்தால் நெஞ்செரிச்சல் வரும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

படி 4: சாப்பாடு

வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம். கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு எண்ணெயும் காரமும் இல்லாமல் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், வழியில் உலர்ந்த பிஸ்கட்டும் ஒவ்வொரு மடக்காகத் தண்ணீரும் போதும்.

படி 5: சீட்டில் உட்கார்ந்த பிறகு

தலையைச் சீட்டின் முதுகில் நன்றாக அழுத்தி வையுங்கள். தலை ஆடுவது குறைந்தால் காதுக்குப் போகும் குழப்பமும் குறையும். பார்வை முன்னால், தூரத்தில். போனில் ஒரே ஒரு மெசேஜ்தானே என்று குனிவதில்தான் பலருக்குத் தொடங்குகிறது. பாட்டு கேளுங்கள், அதற்குக் கண் வேண்டாம். குழந்தை என்றால் சீட்டில் உயரம் போதாமல் முன்சீட்டின் முதுகு மட்டுமே தெரியும், பாதுகாப்பாக உயர்த்தி உட்கார வைக்க முடிந்தால் வித்தியாசம் தெரியும்.

படி 6: மீறித் தொடங்கிவிட்டால்

அடுத்தடுத்துக் கொட்டாவி, எச்சில், முகம் வெளுப்பது, பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாவது. இவைதான் முதல் அறிகுறிகள், வாந்திக்காகக் காத்திருக்காதீர்கள். போனை உள்ளே வைத்து, சீட்டைச் சாய்த்து, கண்ணை மூடி, முகத்தில் காற்றுப் படும்படி செய்து, மூச்சை மெதுவாக, ஒரே சீராக எண்ணி எண்ணி விடுங்கள். என் தங்கைக்கு மலையில் முப்பதாவது நிமிடம் எச்சில் ஊறியது, இப்படியே ஒரு பத்து நிமிடம் இருந்தாள், அடங்கிவிட்டது. உறை கையில் இருந்தது, தேவைப்படவில்லை. அந்த உறையை பைக்குள் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், தேடும் பதற்றமே பாதி வாந்தியை வரவழைத்துவிடும். வாந்தி எடுத்துவிட்டால் சிறிது நேரம் விட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

இறங்கியபின் சில மணி நேரத்தில் தலைசுற்றல் போய்விட வேண்டும். மறுநாளும் உலகம் சுற்றுகிறது, காதில் இரைச்சல் கேட்கிறது, ஒரு காது மந்தமாகிறது, அல்லது பஸ்ஸில் ஏறாமலேயே தலையைத் திருப்பினால் சுற்றுகிறது என்றால் அது பஸ்ஸின் வேலை இல்லை, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். பேச்சு குழறுவது, எதுவும் இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது, இதுவரை வராத கடும் தலைவலி இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் அடுத்த ஊர் வரட்டும் என்று இருக்காமல் வண்டியை நிறுத்தச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.